கைபேசி தொலைந்த நாளை மனதில் வைத்து ஆத்தென்டிகேட்டர் செயலியைத் தேர்ந்தெடுப்பது

கடவுச்சொல்லுக்குப் பின் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணையும் கேட்கும் இரண்டு படி நுழைவுக்கு, அந்த எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலிகளில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டு எழுதுபவர்கள், பெரும்பாலும் இரண்டு பெயர்களை முன்வைத்து எது பாதுகாப்பானது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன், இன்னொரு கேள்வியை அவர்களிடம் நான் கேட்பது வழக்கம். இன்று மாலை பேருந்தில் கைபேசி தொலைந்துவிட்டது, கையில் வேறெந்தச் சாதனமும் இல்லை, நாளை காலை புதுக் கைபேசியை வாங்கிவிட்டீர்கள். அதில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்க முதலில் எதைத் தட்டச்சு செய்வீர்கள்? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிறவருக்கு எந்தச் செயலியும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பதில் சொல்ல முடியாதவருக்கு, செயலிகளுக்கு இடையிலான வேறுபாடு அந்த ஒரு நாளில்தான் முழுமையாகத் தெரியவரும்.

## எல்லாச் செயலியும் காட்டுவது ஒரே எண்ணைத்தான்

ஒரு தளத்தில் இரண்டு படி நுழைவை இயக்கும்போது திரையில் ஒரு கியூஆர் கட்டம் தோன்றுகிறது. அதைப் படமாக ஏற்காமல் எழுத்தாக வாசித்தால் ஏறக்குறைய இப்படி ஒரு வரிதான் இருக்கும்:

```
otpauth://totp/Kadai:kadai@example.com?secret=JBSWY3DPEHPK3PXP&issuer=Kadai
```

இதில் `secret=` என்பதற்குப் பின் வரும் எழுத்துத் தொடர்தான் ரகசியச் சாவி. தளம் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது, உங்கள் செயலி ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. இரு பக்கமும் தம் கடிகாரத்தைப் பார்த்து, முப்பது விநாடிக்கு ஒரு முறை அந்தச் சாவியையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஆறு இலக்க எண்ணை உருவாக்குகின்றன. இந்தக் கணக்கு 2011-இல் பொதுத் தரநிலையாக வெளியிடப்பட்டது. நாம் பேசப்போகும் செயலிகள் அனைத்தும் அதையே பின்பற்றுகின்றன. ஒரே கட்டத்தை இரண்டு கைபேசிகளில் இரண்டு வேறு செயலிகளால் ஸ்கேன் செய்து, இரண்டையும் விமானப் பயன்முறையில் போட்டு மேசைமேல் அருகருகே வைத்துப் பாருங்கள். இணையம் இல்லாமலேயே இரண்டிலும் ஒரே எண் ஒரே கணத்தில் மாறும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, எண் தவறு என்று தளம் மறுக்கும்போது செயலியை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலும் கைபேசியின் கடிகாரம் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும், அமைப்புகளில் தானியங்கி நேரத்தை இயக்கினால் சரியாகிவிடும். இரண்டாவது, செயலிகள் எண்ணை உருவாக்குவதில் வேறுபடுவதில்லை. சாவியை எங்கே வைக்கின்றன, யாரிடம் திருப்பித் தருகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று அளவுகோல்கள் போதும் என்பது என் கருத்து.

முதலாவது, வெறுங்கையோடு திரும்பி வருவதற்கு என்னென்ன தேவை என்பது. ஒரு கடவுச்சொல் நினைவில் இருந்தால் போதுமா, சிம் எண் வேண்டுமா, வீட்டில் ஒரு கோப்பு இருக்க வேண்டுமா? இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. மின்னஞ்சலைத் திறக்கும் எண் செயலிக்குள் இருந்து, அந்தச் செயலியைத் திறக்க மின்னஞ்சல் தேவைப்பட்டால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலாகிவிடும். இதைப் பூட்டுச் சுழல் என்று இந்தக் கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது, உங்களைத் தவிர வேறு யாரால் சாவிகளைத் திறக்க முடியும் என்பது. திரும்பி வருவது எளிதாக இருக்கும் இடத்தில், திருடனுக்கும் அது எளிதாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, சாவிகளை வெளியே எடுக்க முடியுமா என்பது. நிறுவனம் சேவையை நிறுத்தினாலோ, நீங்கள் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினாலோ, சாவிகள் உங்களோடு வர வேண்டும். வெளியே எடுக்க வழியில்லாத செயலி என்றால், ஒவ்வொரு தளமாகச் சென்று பழைய சாவியை நீக்கிப் புதிய சாவியைப் பதிய வேண்டியிருக்கும். நான்கு கணக்கு உள்ளவருக்கு அது ஒரு மாலை வேலை; நாற்பது கணக்கு உள்ளவருக்கு ஒரு வார வேலை.

விலையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் இங்கே ஒப்பிடப்படும் செயலிகள் அனைத்தும் இலவசமே. செயலிக் கடையில் இதே பெயர்களை ஒத்த பெயரோடும் ஒத்த படத்தோடும் பணம் கேட்கும் போலிகள் இருந்திருக்கின்றன. நிறுவும் முன் உருவாக்கிய நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பது அவசியம்.

## கூகுள் ஆத்தென்டிகேட்டர்

பெரும்பாலானோர் கைபேசியில் இருப்பது இதுதான். 2023 ஏப்ரல் வரை இதன் சாவிகள் கைபேசிக்குள் மட்டுமே இருந்தன. கைபேசி போனால் சாவிகளும் போயின. அந்த மாதம் முதல், கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தது. இப்போது புதுக் கைபேசியில் அதே கூகுள் கணக்கால் உள்நுழைந்தால் எண்கள் எல்லாம் தாமாக வந்து சேரும். முதல் அளவுகோலில் இது மிகச் சுலபமான செயலி, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கூகுள் கணக்குக்குள் நுழைய இந்தச் செயலியின் எண்ணே தேவைப்படக் கூடாது. ஜிமெயிலின் இரண்டாம் படியாக இதையே வைத்துவிட்டு வேறு வழி எதையும் ஏற்படுத்தாதவர்கள் பூட்டுச் சுழலுக்குள் இருக்கிறார்கள். கைபேசி கையில் இருக்கும்வரை அது தெரியாது.

இரண்டாம் அளவுகோலில்தான் இதன் மறைமுக விலை இருக்கிறது. ஒத்திசைவு அறிமுகமானபோது, உங்கள் சாதனங்களைத் தவிர வேறெங்கும் படிக்க முடியாதபடி சாவிகள் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்படவில்லை என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அந்த வசதியைப் பின்னர் சேர்க்கும் திட்டம் இருப்பதாக கூகுள் பதில் சொன்னது. இதன் நடைமுறைப் பொருள், உங்கள் கூகுள் கணக்கைக் கைப்பற்றியவர் மற்ற எல்லாக் கணக்குகளின் இரண்டாம் படியையும் சேர்த்தே கைப்பற்றிவிடுவார் என்பது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரீட்டூல் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் இதுவே நடந்தது. போலிக் குறுஞ்செய்தியாலும், நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாக வந்த தொலைபேசி அழைப்பாலும் ஏமாந்த ஓர் ஊழியர் ஓர் எண்ணைச் சொல்லிவிட, தாக்கியவர்கள் அவருடைய கூகுள் கணக்குக்குள் நுழைந்தனர். ஒத்திசைந்திருந்த எண்கள் அனைத்தும் அவர்களுக்குக் கிடைத்தன. வாடிக்கையாளர்கள் 27 பேரின் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இரண்டு வேறு படிகளாக இருக்க வேண்டியவை ஒரே கணக்குக்குள் ஒன்றாகிவிட்டதே அந்த நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின் சாரம்.

ஒத்திசைவு வேண்டாம் என்றால் கணக்கு இல்லாமலும் இதைப் பயன்படுத்தலாம். சாவிகளை வெளியே எடுக்க, மெனுவில் உள்ள ஏற்றுமதி வசதி ஒரு பெரிய கியூஆர் கட்டத்தைக் காட்டும். அதை இன்னொரு கைபேசி ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய கைபேசி கையில் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால், தொலைந்த நாளுக்கு இது உதவாது.

## மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர்

அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்திருப்பவர்களுக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழுவதில்லை. நிறுவனமே நிறுவச் சொல்லிவிடும். அலுவலக நுழைவுக்கு, திரையில் தோன்றும் எண்ணைக் கைபேசியில் தட்டி அனுமதிக்கும் முறை இதில் நன்றாகவே இயங்குகிறது.

சொந்தக் கணக்குகளையும் இதிலேயே சேர்த்துவிடுவதைத்தான் நான் பரிந்துரைப்பதில்லை. ஐபோனில் இதன் காப்புப் பிரதி ஐகிளவுடுக்குப் போகிறது, ஆண்ட்ராய்டில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குப் போகிறது. ஒன்றில் எடுத்த பிரதியை மற்றதில் மீட்க முடியாது. ஆண்ட்ராய்டு கைபேசி தொலைந்து, வீட்டில் சும்மா இருக்கும் ஐபோனைக் கையில் எடுத்தவருக்கு அந்தப் பிரதியால் பயனில்லை. சாவிகளை வெளியே எடுக்கும் வழியும் இல்லை. அலுவலகக் கணக்கோ, மீட்ட பிறகும் மீண்டும் உள்நுழைந்து பதியச் சொல்லும். அதற்கு அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவின் உதவி தேவைப்படலாம்.

## ஏஜிஸ்

ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உள்ள, நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும் திறமூலச் செயலி இது. இதற்குக் கணக்கும் இல்லை, சர்வரும் இல்லை. சாவிகள் எல்லாம் உங்கள் கடவுச்சொல்லால் குறியாக்கம் செய்யப்பட்ட ஒரே பெட்டகத்தில், உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. உங்களைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது என்ற அளவுகோலில் இந்த வரிசையில் இதுவே முதலிடம். சாவிகளை வெளியே எடுப்பதிலும் இதற்கு இணையில்லை. பல செயலிகளிலிருந்து சாவிகளை உள்ளே கொண்டுவரவும் இதனால் முடியும்.

ஆனால் முதல் அளவுகோலின் முழுச் சுமையும் உங்கள் தலையில் விழுகிறது. தானியங்கிக் காப்புப் பிரதியை இயக்கினால், மாற்றம் நிகழும்போதெல்லாம் `aegis-backup-` என்று தொடங்கி, தேதியைத் தாங்கிய ஒரு கோப்பை நீங்கள் சொன்ன கோப்புறையில் அது எழுதும். பலர் அந்தக் கோப்புறையை அதே கைபேசியின் பதிவிறக்கப் பகுதியாகவே விட்டுவிடுகிறார்கள். கைபேசி போனால் பெட்டகமும் பிரதியும் ஒன்றாகவே போகும். அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் கைபேசியை விட்டு வெளியேற வேண்டும். மடிக்கணினிக்கோ, பென்டிரைவுக்கோ, குடும்பத்தார் ஒருவரின் மின்னஞ்சலுக்கோ போகலாம். குறியாக்கம் செய்யப்பட்ட கோப்பு என்பதால், கடவுச்சொல் வலுவாக இருந்தால் அது பிறர் கையில் இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. தினமும் கைரேகையால் திறந்து பழகியவர்கள் ஆறு மாதத்தில் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். புதுக் கைபேசி பழைய கைரேகையை அறியாது. அது கடவுச்சொல்லைத்தான் கேட்கும். மறந்தவருக்கு அதை மீட்டுத் தர யாரும் இல்லை. இதற்காகவே கடவுச்சொல்லை இடையிடையே கேட்டு நினைவுபடுத்தும் அமைப்பு செயலியில் உண்டு. எரிச்சலாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

## என்டே ஆத்

செயலிக் கடையில் Ente Auth என்று தேட வேண்டும். இதுவும் திறமூலமே, ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி, உலாவி ஆகிய எல்லாவற்றிலும் இயங்குகிறது. பெயரில் உள்ள ‘என்டெ’ என்பது மலையாளத்தில் ‘என்னுடைய’ என்று பொருள்படும் சொல்தான். சாவிகள் முனைக்கு முனை குறியாக்கத்தோடு ஒத்திசைக்கப்படுவதால், சர்வரை வைத்திருப்பவர்களாலும் அவற்றைப் படிக்க முடியாது. கூகுளின் வசதியையும் ஏஜிஸின் தனிமையையும் ஒன்றாகத் தர முயலும் செயலி என்று இதைச் சொல்லலாம். கடவுச்சொல் மறந்தால் திறப்பதற்காக 24 சொற்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தருகிறது. அதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கடவுச்சொல்லும் போய், இந்தச் சொற்களும் போனால், எல்லாம் போயிற்று.

இதிலும் பூட்டுச் சுழல் ஒன்று உண்டு. பாதுகாப்பு அமைப்புகளில் Email verification என்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அது இயங்கினால், புதுச் சாதனத்தில் உள்நுழையும்போது உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் எண் அனுப்பப்படும். அந்த மின்னஞ்சலைத் திறக்கும் ஆறிலக்க எண்ணே இந்தச் செயலிக்குள் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். செயலியே இதை எச்சரிக்கிறது. ஆனால் எச்சரிக்கையைப் படிக்காமல் அனுமதித்துவிடுவது மனித இயல்பு. செயலியின் எண்ணுக்குப் பதிலாகத் தட்டச்சு செய்ய மின்னஞ்சல் சேவை முன்கூட்டியே தரும் மீட்புக் குறியீடுகளைச் செயலிக்கு வெளியே வைத்த பிறகே இதை இயக்க வேண்டும்.

## மற்றவை, சுருக்கமாக

ஆத்தி என்ற செயலியை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். கைபேசி எண்ணையே கணக்காகக் கொண்டு இயங்குவது அது. அதன் கணினிப் பதிப்பு 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், ஏறத்தாழ 3.3 கோடிப் பயனர்களின் தொலைபேசி எண்கள் வெளியானது தெரியவந்தது. அவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை, சாவிகளை வெளியே எடுக்க அது வழி தருவதில்லை என்பது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐபோன், மேக் என்று ஆப்பிள் சாதனங்களையே வைத்திருப்பவர்கள் தனிச் செயலி தேடத் தேவையில்லை. 2024-இல் ஐஓஎஸ் 18-உடன் வந்த கடவுச்சொற்கள் செயலியே இந்த எண்களையும் காட்டும். கடவுச்சொல்லும் இரண்டாம் எண்ணும் ஒரே இடத்தில் இருப்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் அது போதுமானது.

## ஒரே பார்வையில்

| | வெறுங்கையோடு திரும்ப என்ன வேண்டும் | வேறு யார் திறக்கக்கூடும் | சாவியை வெளியே எடுக்க | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| கூகுள் | கூகுள் கணக்குக்குள் நுழைய இன்னொரு வழி | கூகுள் கணக்கைக் கைப்பற்றியவர் | பழைய கைபேசி கையில் இருந்தால் முடியும் | கோப்பு, பிரதி என்று பராமரிக்க முடியாதவருக்கு |
| மைக்ரோசாஃப்ட் | அதே வகைக் கைபேசியும் காப்புப் பிரதிக் கணக்கும் | காப்புப் பிரதிக் கணக்கைக் கைப்பற்றியவர் | முடியாது | அலுவலகக் கணக்குக்கு மட்டும் |
| ஏஜிஸ் | வெளியே வைத்த கோப்பும் கடவுச்சொல்லும் | இரண்டும் கிடைத்தவர் மட்டும் | முடியும் | பிரதி எடுப்பதில் ஒழுங்கு உள்ள ஆண்ட்ராய்டு பயனருக்கு |
| என்டே | மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும், அல்லது மின்னஞ்சலைத் திறக்க ஒரு வழியும் 24 சொற்களும் | அவை கிடைத்தவர் மட்டும் | முடியும் | பல வகைச் சாதனம் உள்ளவருக்கு, குடும்பத்துக்கு |

என் தேர்வைக் கேட்டால், பெரும்பாலானோருக்கு என்டே என்பேன். கைபேசி போன மறுநிமிடமே பக்கத்து வீட்டுக் கணினியின் உலாவியில் auth.ente.io திறந்து எண்ணைப் பார்க்க முடிவது, கலங்கி நிற்கும் ஒருவருக்குப் பெரிய உதவி. ஆனால் வயதான பெற்றோருக்கு நானே அமைத்துக் கொடுத்தது கூகுளுடையது. புதிய கடவுச்சொல் ஒன்றையும் 24 சொற்களையும் அவர்கள் பாதுகாப்பார்கள் என்று நான் நம்பவில்லை; மறந்த சாவியால் கணக்கை இழப்பதற்கான வாய்ப்பு, திருடனால் இழப்பதைவிட அவர்களுக்கு அதிகம்.

## தங்கையின் கைபேசி தொலைந்த இரண்டு நாட்கள்

என் தங்கை ஈரோட்டில் கைத்தறிப் புடவைகளை இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் அவளுடைய கைபேசி தொலைந்தது. கூகுள் ஆத்தென்டிகேட்டர் ஒத்திசைவோடு இருந்தது. அதில் மூன்று கணக்குகள்: ஜிமெயில், இன்ஸ்டாகிராம், கடையின் இணையதளப் பெயரைப் பதிந்த கணக்கு. இன்ஸ்டாகிராமுக்கு எண் வேண்டுமென்றால் ஜிமெயில் திறக்க வேண்டும். ஜிமெயில் திறக்க, அதே செயலியின் எண் வேண்டும்.

சனிக்கிழமை காலை பீரோவிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு என்னை அழைத்தாள். கூகுள் ஒரு தொகுதிக்குப் பத்து மீட்புக் குறியீடுகள் தரும்; ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறை மட்டுமே செல்லும். கடை தொடங்கியபோது நான்தான் அவற்றை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். “அண்ணா, தாள்ல இருக்கிற நம்பர் எதையுமே ஏத்துக்க மாட்டேங்குது” என்றாள். விசாரித்ததில், சில மாதங்களுக்கு முன் தாள் எங்கே என்று தெரியாமல் அவள் புதிய தொகுதி ஒன்றை உருவாக்கித் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்தாள். புதிய தொகுதி உருவான கணமே பழைய பத்தும் செல்லாதவை ஆகிவிடும். செல்லுபடியாகும் குறியீடுகள் தொலைந்த கைபேசியின் படத்தொகுப்பிலும், புதிதாக உள்நுழைய முடியாத கூகுள் கணக்கிலும் இருந்தன.

மாற்றுச் சிம் காலையிலேயே கிடைத்தது. குறுஞ்செய்தி வழி எண்ணைப் பெறலாம் என்று நினைத்தோம். ஆனால் இந்தியாவில் சிம்மை மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, போகவும் போகாது. மற்றவர் பெயரில் சிம் எடுத்து வங்கிப் பணத்தைத் திருடுவதைத் தடுக்க, தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. நல்ல கட்டுப்பாடுதான், ஆனால் குறுஞ்செய்தியை மட்டும் நம்பியிருப்பவர், மிக அவசரமான முதல் நாளில் வாசலிலேயே நிற்க வேண்டும்.

வீட்டு மடிக்கணினியின் உலாவியில் அவளுடைய ஜிமெயில் திறந்தபடியே இருந்தது. பதற்றத்தில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிவிடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன், திறந்திருந்த ஒரே கதவு அதுதான். அந்த உலாவியிலிருந்தே கூகுளின் சாதனம் தேடும் பக்கத்தைத் திறந்து, தொலைந்த கைபேசியைப் பூட்டி, பிறகு அழிக்கவும் கட்டளை கொடுத்தோம். ஞாயிறு பிற்பகல் குறுஞ்செய்தி வரத் தொடங்கியது. ஜிமெயிலின் இரண்டாம் படியில் அவளுடைய கைபேசி எண்ணும் சேர்க்கப்பட்டிருந்ததால், புதுக் கைபேசியில் உள்நுழைந்தாள். செயலியை நிறுவியதும் மூன்று கணக்குகளின் எண்களும் வந்துவிட்டன. கைபேசி எண் மட்டும் அங்கே இல்லாதிருந்தால், கூகுளின் கணக்கு மீட்புப் படிவத்தை நிரப்பிவிட்டு நாட்கணக்கில் காத்திருந்திருப்போம்.

## தொலைந்தது தெரிந்தவுடன், இந்த வரிசையில்

முதலில் கைபேசியைத் தொலைவிலிருந்து பூட்ட வேண்டும். ஐபோனுக்கு icloud.com/find பக்கம் இரண்டாம் படி எண் கேட்காமலே திறக்கும். ஆண்ட்ராய்டில் android.com/lock பக்கத்தில் கைபேசி எண்ணைக் கொண்டே திரையைப் பூட்டலாம்; ஆனால் அந்த வசதியை முன்பே கைபேசியின் அமைப்புகளில் இயக்கியிருக்க வேண்டும்.

அடுத்து சிம்மை நிறுத்தி மாற்றுச் சிம்முக்கு விண்ணப்பியுங்கள். 24 மணி நேரக் கணக்கு அப்போதுதான் ஓடத் தொடங்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலோடு அரசின் ceir.gov.in தளத்தில், கைபேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைத் தடை செய்யலாம். அந்தத் தளமும் உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பும் என்பதால், அதுவும் குறுஞ்செய்தி வரத் தொடங்கிய பிறகே முடியும். ஐஎம்இஐ எண், கைபேசி வாங்கிய பெட்டியின் மேல் இருக்கும்.

பிறகு மின்னஞ்சலை மீட்க வேண்டும். மற்ற கணக்குகளின் மீட்பு பெரும்பாலும் அதன் வழியாகவே நடக்கும். உள்ளே வந்தவுடன், சாதனங்களின் பட்டியலிலிருந்து தொலைந்த கைபேசியை நீக்குங்கள். செயலியை மீட்பது அதன் பின்னரே.

எல்லாத் தளங்களும் மின்னஞ்சல் வழியாகக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம், இரண்டாம் படியையும் மீட்பு வழிகளையும் இழந்தவருக்குத் தன் உதவிப் பிரிவால் கணக்கைத் திருப்பித் தர முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

## எண்கள் திரும்பக் கிடைத்தாலும் பழைய சாவி உயிரோடு இருக்கிறது

பலரும் தவறவிடும் படி இது. புதுக் கைபேசியில் எண்கள் தோன்றியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். சாவி அதேதான் என்பதால், தொலைந்த கைபேசியும் இணையம் இல்லாமலேயே அதே எண்ணைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். அது திறந்த நிலையில் பிறர் கையில் சிக்கியிருந்தால், இரண்டாம் படி அவருக்கும் உங்களுக்கும் பொதுவானதாகிவிட்டது. செயலியில் ஒரு கணக்கை அழித்தாலும் இது மாறாது. அதனால் தளத்தில் இரண்டு படி நுழைவு அணைந்துவிடவும் செய்யாது.

ஒவ்வொரு தளத்திலும் பாதுகாப்பு அமைப்புகளுக்குச் சென்று ஆத்தென்டிகேட்டர் செயலியை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். புதிய கியூஆர் கட்டம் தோன்றினால் புதிய சாவி பிறந்துவிட்டது என்று பொருள். அதன் பின் பழைய எண்ணைத் தட்டச்சு செய்து, தளம் மறுக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மின்னஞ்சல், பங்கு வர்த்தகக் கணக்கு, வருமானம் வரும் பக்கங்கள் என்ற வரிசையில் இதைச் செய்யுங்கள். தங்கையின் மூன்று கணக்குகளுக்கும் சேர்த்து இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. கையோடு மீட்புக் குறியீடுகளையும் புதிதாக எடுத்தோம்.

அந்த மாலையில் ஓர் ஒத்திகையும் நடத்தினோம். அம்மாவின் பழைய கைபேசியை எடுத்து, தங்கையின் புதுக் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தாளில் உள்ளதை மட்டும் கொண்டு அவளுடைய ஜிமெயிலுக்குள் நுழைய முடிகிறதா என்று பார்த்தோம். நுழைய முடிந்தது. பயன்படுத்திய ஒரு குறியீட்டைத் தாளில் கோடிட்டு அடித்தாள். தாளின் மேல்மூலையில் குறியீடுகளை எடுத்த தேதியை எழுதி, ‘புதுசு எடுத்தால் இது செல்லாது’ என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். ஒரு பிரதி அவள் வீட்டுப் பீரோவில், பத்திரக் கோப்புக்குள் இருக்கிறது. இன்னொன்று எங்கள் அம்மாவிடம் இருக்கிறது.